25 பைசா குறைஞ்சா இஎம்ஐ பவுன்ஸ் ஆகுமா? குவைத் தினார் கணக்கு

தாடிக்கொம்பு வீட்டுக்கடனுக்கு மாதம் 30,000 ரூபாய் இஎம்ஐ. குவைத்ல வேலை பார்க்கிற அண்ணன்தான் அனுப்புறார்னு வெச்சுக்குவோம். ஒரு தினார் 275 ரூபாய்னு எடுத்துக்கலாம் (ரேட் தினமும் மாறும், இது கணக்குக்காக மட்டும்). எத்தனை தினார் அனுப்பணும்?

30,000-ஐ 275-ஆல வகுத்தா 109.0909... வருது. நம்ம ரூபாய் பழக்கத்துல 109.09-னு ரவுண்ட் பண்ணிடுவோம். அதைத் திருப்பி 275-ஆல பெருக்கிப் பாருங்க: 29,999.75 ரூபாய். 25 பைசா குறையுது. கணக்குல வேற பணம் இல்லைன்னா ஆட்டோ டெபிட் ஃபெயில் ஆகும். இருக்கிறதை எடுத்துக்கிட்டு மீதியை அப்புறம் வாங்குற பழக்கம் பொதுவா அதுக்குக் கிடையாது. பவுன்ஸ் சார்ஜ் தனி.

தப்பு எங்கே? ஒரு ரூபாய்க்கு 100 பைசா. ஆனா ஒரு குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். அதனால தினாரை மூணு தசம இடம் வரைக்கும் எழுதணும். பஹ்ரைன் தினாரும் ஓமன் ரியாலும் இதே மாதிரிதான். இங்கே ஒரு ஃபில்ஸே 27.5 பைசா! சம்பள ஸ்லிப்ல 285.500-னு இருந்தா அது 285 தினார் 500 ஃபில்ஸ். புள்ளியை கமான்னு நினைச்சு இரண்டு லட்சத்து எண்பத்தஞ்சாயிரத்து ஐநூறுன்னு கனவு காண வேண்டாம்.

மூணு இடத்துக்கு மேல்நோக்கி ரவுண்ட் பண்ணினா 109.091 தினார், அதாவது 30,000 ரூபாயும் இரண்டரை பைசாவும். போதும். கையில ரொக்கமா கட்டினா இன்னொரு சிக்கல்: குவைத்ல புழக்கத்துல இருக்கிற மிகச் சின்ன நாணயம் 5 ஃபில்ஸ். அப்போ 109.095. எக்ஸெல்ல இப்படிப் போடுங்க:

```
=ROUNDUP(30000/275,3)
=CEILING(30000/275,0.005)
```

முதல் வரி ஆன்லைன்ல அனுப்ப, இரண்டாவது ரொக்கத்துக்கு. அனுப்பும் கட்டணம் இதுல சேராது.

ஜப்பான் யென் இதுக்கு நேர் எதிர். அதுல புள்ளிக்குப் பின்னாடி எதுவுமே கிடையாது; சென் நாணயங்கள் 1953-லயே புழக்கத்துல இருந்து போயிடுச்சு. ஆபீஸ் ட்ரிப் போயிட்டு வந்து 430, 1,287, 655 யென்னுக்கு மூணு பில் கிளைம் பண்றீங்க. ரேட் 0.5837-னு வைங்க. ஒவ்வொரு பில்லையும் தனியா மாத்தி பைசாவுக்கு ரவுண்ட் பண்ணிக் கூட்டினா 1,384.53 ரூபாய். முதல்ல 2,372 யென்னுன்னு கூட்டிட்டு மாத்தினா 1,384.54. இந்த ஒரு பைசாவுக்கே சில ஃபைனான்ஸ் டீம் கிளைமைத் திருப்பி அனுப்பும். கூட்டிட்டு கடைசியா ஒரே ஒரு தடவை ரவுண்ட் பண்றதுதான் என் சாய்ஸ். உங்க கம்பெனி பில்வாரியா கேட்டா அதுபடியே போங்க.

ஆனா ரேட்டை மட்டும் 0.58-னு சுருக்கிடாதீங்க. அதே 2,372 யென் அப்போ 1,375.76 ரூபாய்தான் ஆகும். உங்க பாக்கெட்ல இருந்து 8 ரூபாய் 78 பைசா போயிடும்.