கூடுதல் வேலைக்கு ஒரு திருத்த ஆணை

நம் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் பெற்றுள்ள சிறு தொழிற்கூடங்களின் கணக்குகளைப் புதுப்பிக்கும்போது, ஒருவகை வரவினம் எங்கள் கண்ணில் அடிக்கடி படுகிறது. வேலை முடிந்திருக்கும்; பில்லும் போயிருக்கும். ஆயினும், கொள்முதல் ஆணையில் இல்லாத வேலை என்று கூறி, வேலை கொடுத்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பணத்தை நிறுத்தி வைத்திருக்கும். கேட்டால், "அவர்கள்தாம் செய்யச் சொன்னார்கள்" என்பார் தொழில் முனைவோர். அது உண்மையாகவே இருக்கும். சொன்னவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர்.

விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மும்பைக்கு அருகே பிவண்டியில், கிடங்கு ஒன்றினுள் இரும்பாலான இடைத்தளம் அமைக்கும் பணி. எடை 18 டன். கிலோவுக்கு 95 ரூபாய் வீதம் மதிப்பு ரூ.17,10,000, ஜி.எஸ்.டி. தனி. காலம் 45 நாள்கள். தாமதமானால் வாரத்திற்கோ, வாரத்தின் பகுதிக்கோ, மதிப்பில் அரை சதவீதம் பிடித்தம். முப்பதாம் நாளன்று, வடக்குப் பக்கம் இன்னொரு படிக்கட்டும் வேண்டும் என்று கிடங்கின் பொறியாளர் கேட்கிறார்.

முடியாது என்றால் உறவு கசக்கும். "செய்துவிடுவோம், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றால் மேலே சொன்ன வரவினம் பிறக்கும். அன்றே ஒரு பக்கக் கடிதம் அனுப்புவதே தக்க மறுமொழி. அதன் முதல் வரியில் இசைவு இருக்கட்டும்: "தாங்கள் கேட்ட படிக்கட்டை அமைத்துத் தர இயலும், இது தற்போதைய ஆணையின் அளவுப் பட்டியலில் இடம்பெறாததால், கீழ்க்கண்டவாறு ஆணையைத் திருத்தித் தருமாறு கோருகிறோம்."

அடுத்து விலை. படிக்கட்டின் எடை 1,200 கிலோ. படியிலும் கைப்பிடியிலும் வெட்டும் வேலையும் பற்றவைப்பும் மிகுதி என்பதால், பழைய வீதம் பொருந்தாது. கிலோவுக்கு 110 ரூபாய் என்று கொண்டால் ரூ.1,32,000. அந்த வீதம் ஏன் உயர்ந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். இல்லாவிடில் கொள்முதல் பிரிவு 95 ரூபாயைக் காட்டிப் பேரம் பேசும். முடிந்த தளத்தகட்டைத் திறந்து வெட்டவும், மீண்டும் வண்ணம் பூசவும் ரூ.14,000. பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆக ரூ.1,46,000, ஜி.எஸ்.டி. தனி.

விலையை எழுதுவோரில் பாதிப்பேர் காலத்தை எழுதுவதில்லை என்பது எங்கள் கணிப்பு. அதே பற்றவைப்பாளர்களே இதையும் செய்யவேண்டியிருப்பதால் ஒன்பது நாள்கள் கூடுதலாகும். முடிவுத் தேதியை 54ஆம் நாளாக மாற்றி வாங்காவிட்டால், அந்த ஒன்பது நாள்களும் தாமதமாகிவிடும். பிடித்தம் இரண்டு வாரங்களுக்கு, வாரத்திற்கு ரூ.8,550 வீதம் ரூ.17,100, கூடுதல் வேலையின் மதிப்பில் ஏறத்தாழ 12 சதவீதம். மேலும், பிடித்தம் படிக்கட்டின் பில்லில் அன்று, மூல பில்லில் விழும்.

கடிதத்திற்கு ஒரு கெடுவும் வேண்டும். 35ஆம் நாளுக்குள் ஒப்புதல் வந்தால் இந்த விலையும் காலமும் பொருந்தும். வராவிட்டால் மூல வேலை பழைய தேதியிலேயே முடிக்கப்படும் என்று எழுதலாம்.

ஒப்பமிட வேண்டியவர் யார் என்பதை மூல ஆணையில் பார்க்க வேண்டும். களப் பொறியாளரின் கையெழுத்து வேலை நடந்ததற்குச் சான்றாகுமேயன்றி, விலைக்கு இசைவாகாது. திருத்திய கொள்முதல் ஆணையின் எண் பில்லில் இருந்தால்தான் கணக்குப் பிரிவில் அது நகரும். "இன்றே தொடங்குங்கள், ஆணை பின்னால் வரும்" என்று அவசரப்படுத்தினால், அதிகாரம் உள்ளவரிடமிருந்து தொகையையும் நாள்களையும் குறிப்பிட்ட மின்னஞ்சல் ஒன்றையாவது பெற்றபின் தொடங்கலாம். மின்வழி ஒப்பந்தங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்கிறது. எழுத்தே இல்லாவிடினும், பயன் பெற்றவர் ஈடு தரவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு கூறுகிறதுதான். ஆனால் அது வழக்காடிப் பெறவேண்டிய பணம்.

அரைமணி வேலைகளுக்கெல்லாம் இவ்வளவு வேண்டியதில்லை. இலவசமாகச் செய்தாலும், "கட்டணமின்றிச் செய்யப்பட்டது" என்று ஒரு வரி அனுப்பிவிடுவது நல்லது. அடுத்த கோரிக்கை வரும்போது அது பேசும்.

வங்கிப் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. ஏற்கப்படாத பில்லையும், பொதுவாக 90 நாள்களைக் கடந்த வரவினத்தையும் கடன் எடுக்கும் தகுதியில் நாங்கள் சேர்ப்பதில்லை. எனவே படிக்கட்டுக்கான இரும்பு வாங்க முன்பணத்தையும் அதே கடிதத்தில் கேட்கலாம். மூல வேலைக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால், புதிய முடிவுத் தேதி அதன் காலத்தைக் கடக்கிறதா என்று பாருங்கள். கடந்தால், நீட்டியுங்கள் அல்லது தொகையைக் கொடுங்கள் என்ற கடிதம் எங்களுக்கு வருமுன், திருத்த ஆணையின் நகலுடன் கிளைக்கு வாருங்கள்.