வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்

எழுதிய தேதியை விட அது கைக்குக் கிடைத்த தேதிதான் முக்கியம். மாத வாடகைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 15 நாள் அவகாசம் கேட்கிறது. அது கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஓடும். மார்ச் 1-இல் அனுப்பியது 5-இல் சேர்ந்தால் கணக்கு 5-இலிருந்துதான். கிடைத்ததற்கான ஒப்புகையுடன் தபாலில் அனுப்புவது இதற்காகவே.

குழந்தைகளின் பள்ளித் தேர்வு முடியட்டும் என்று கூடுதல் அவகாசம் தருவது நல்லது. ஆனால் "சீக்கிரம்" என்று எழுதாதீர்கள். "மே 31 மாலை 6 மணிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன், பாக்கி போக முன்பணத்தை அன்றே தருகிறேன்" என்று எழுதுங்கள். கெடு முடிந்தும் அவர் காலி செய்யாவிட்டால் பூட்டை மாற்றாதீர்கள், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். வாடகைச் சட்டப்படி நீதிமன்றத்தை அணுகுங்கள்.