ஒரே அளவு கம்பி, வேறு வேறு விரிசல்

"அஞ்சு பதினாறுக்குப் பதிலா ரெண்டு இருபத்தஞ்சு போட்டுரலாமா சார்? கம்பி ஏரியா ஒண்ணுதானே, கட்டுற வேலையும் மிச்சம்." கம்பி கட்டும் மேஸ்திரிகள் அடிக்கடி கேட்பது இது. கணக்கு என்னவோ சரிதான். 25 மி.மீ. கம்பி இரண்டின் வெட்டுப்பரப்பு 982 சதுர மி.மீ.; 16 மி.மீ. கம்பி ஐந்தின் பரப்பு 1005. பீம் தாங்கும் பாரத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் பீமின் அடியில் விழும் விரிசல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது.

விரிசலே விழாத கான்கிரீட் பீம் வேண்டும் என்பது நடக்காத ஆசை. வீட்டில் குடியேறிய பின் வரும் சாதாரண பாரத்திலேயே அடிக்கம்பி மீட்டருக்கு ஒரு மி.மீ.க்கு மேல் நீளக்கூடும். கான்கிரீட்டோ மீட்டருக்குச் சுமார் 0.1 மி.மீ. நீள்வதற்குள் அறுந்துவிடும். மிச்ச நீட்சி முழுவதும் விரிசலாகத்தான் வெளிப்பட வேண்டும். அது மீட்டருக்கு நான்கு அகல விரிசலாக வருகிறதா, பத்து மெல்லிய கோடாக வருகிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதைத் தீர்மானிப்பது கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பு. விரிசல் விழுந்த இடத்தில் இழுவிசை முழுவதையும் கம்பி மட்டுமே தாங்குகிறது. அங்கிருந்து தள்ளிப் போகப் போக, கம்பியின் மேற்பரப்பு வழியாக அந்த விசை மறுபடி கான்கிரீட்டுக்குள் ஏறுகிறது. போதுமான அளவு ஏறியதும் கான்கிரீட் அடுத்த இடத்தில் அறுகிறது. இரண்டு 25 கம்பிகளின் சுற்றளவு மொத்தம் 157 மி.மீ.; ஐந்து 16 கம்பிகளின் சுற்றளவு 251 மி.மீ. எஃகு ஏறக்குறைய அதே அளவுதான், பிடிக்கும் பரப்பு மட்டும் அறுபது சதவீதம் கூடிவிட்டது. அதனால் விசை சீக்கிரம் ஏறும், விரிசல்கள் நெருங்கி விழும், ஒவ்வொன்றின் அகலமும் குறையும்.

இடைவெளியின் கதை வேறு. கம்பிக்குப் பக்கத்தில் விரிசல் மெலிந்திருக்கும். கம்பியை விட்டு விலக விலக அகலும். நம் ஐ.எஸ். 456 விதிநூல் தரும் கணக்கு இந்தத் தூரத்தை வைத்தே போடப்படுகிறது. 300 மி.மீ. அகலம், 500 மி.மீ. ஆழம் உள்ள எம்25 பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கவர் 30 மி.மீ., ரிங் 8 மி.மீ., கம்பியில் தகைவு சதுர மி.மீ.க்கு 240 நியூட்டன். இரண்டு 25 போட்டால் நடுவே 174 மி.மீ. வெற்றிடம், அதன் மையத்தில் பீமின் அடிப்பரப்பிலிருந்து கம்பி கிட்டத்தட்ட 100 மி.மீ. தள்ளி நிற்கிறது. அங்கே கணக்கில் வரும் விரிசல் சுமார் 0.26 மி.மீ. ஐந்து 16 போட்டால் கம்பிகளுக்கு நடுவில் அது 0.15 ஆகிவிடும். ஓரத்தில் மட்டும் 0.18. மூலைக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தைக் கவர்தான் முடிவு செய்கிறது; எத்தனை கம்பி போட்டாலும் அது அவ்வளவாக மாறாது.

வீட்டுக்குள் இருக்கும் பீமுக்கு விதிநூல் 0.3 மி.மீ. வரை அனுமதிக்கிறது. ஈரம் விடாமல் படும் இடத்தில் 0.2 தான். அங்கே இரண்டு 25 தோற்றுவிடும், ஐந்து 16 தேறிவிடும். ஒவ்வொரு பீமுக்கும் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. கம்பிகளுக்கு நடுவே எஃப்இ 415 என்றால் 180 மி.மீ., எஃப்இ 500 என்றால் 150 மி.மீ. வெற்றிடத்தைத் தாண்டாதே என்று அதே நூல் சுருக்கமாகச் சொல்கிறது. வலுவான கம்பிக்கு ஏன் கெடுபிடி அதிகம்? அதைக் குறைவாகப் போடுவோம். குறைவாகப் போட்டால் ஒவ்வொரு கம்பியும் அதிகம் நீளும். மேஸ்திரி கேட்ட மாற்றம் எஃப்இ 500 கம்பியில் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

எல்லா விரிசலுக்கும் இது மருந்தல்ல. பீமின் நடுப்பகுதியில் அடியில் தொடங்கி, செங்குத்தாக ஏறி, மேலே போகப் போக மெலிவதுதான் வளைவால் வரும் விரிசல். கம்பியோடு சேர்ந்து பீமின் நீளவாக்கில் ஓடினால், அதுவும் துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிவிட்டது என்று அர்த்தம். அங்கே விட்டத்தையும் இடைவெளியையும் பேசிப் பயனில்லை.

மெல்லிய கம்பியாக நிறையப் போடுவதற்கும் எல்லை உண்டு. ஐந்து 16 கம்பிகளுக்கு நடுவே 36 மி.மீ.தான் மிஞ்சும். 20 மி.மீ. ஜல்லி நுழைந்துவிடும், 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி நுழையாது. கான்கிரீட் சரியாக இறங்காமல் பீமின் அடி தேன்கூடு மாதிரி ஓட்டையாகிவிட்டால், மெல்லிய விரிசலைச் சாதித்து என்ன பயன்? இப்படிப்பட்ட பீமுக்கு மூலைக்கு ஒன்றாக இரண்டு 20, நடுவில் இரண்டு 16 போடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. பரப்பு 1030 சதுர மி.மீ., கம்பிகளுக்கு நடுவே 50 மி.மீ. இடம், விரிசல் ஏறக்குறைய அதே 0.18. மேஸ்திரிக்கும் ஒரு கம்பி மிச்சம்.