ஸ்வெட்டருக்கு முன் படுக்கை

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அப்போது மினியேச்சர் பின்ஷர் வளர்ப்பவர்கள் முதலில் வாங்குவது ஸ்வெட்டர். வாங்கட்டும். ஆனால் அந்த நாய் வெளியே நடப்பது கால் மணி நேரம். தரையில் படுத்துக் கிடப்பதோ இரவு முழுக்க. அதன் உடல் சூடு பெரும்பாலும் எங்கே போகிறது என்று யோசித்தால், முதலில் கவனிக்க வேண்டியது படுக்கைதான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். 4 கிலோ பின்ஷரையும் 32 கிலோ லாப்ரடாரையும் ஒப்பிட்டால், ஒரு கிலோ எடைக்கு இருக்கும் தோல்பரப்பு பின்ஷருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. சூடு வெளியேறும் வழி அவ்வளவு அதிகம். போதாததற்கு லாப்ரடாருக்கு இருக்கும் அடர்ந்த உள்முடி இதற்கு இல்லை. வயிற்றில் முடியே குறைவு. அந்த வயிறு சிமெண்ட் தரையில் படும்போது சூட்டைத் தரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் படுக்கை தரையிலிருந்து நாலைந்து விரற்கடையாவது உயர்ந்து, கதவிடுக்குக் காற்று படாத மூலையில் இருக்க வேண்டும். மேலே ஒரு கம்பளியை மடிக்காமல் தளர்வாகப் போட்டால் நாய் தானே அதற்குள் நுழைந்து சுருண்டுகொள்ளும். வெந்நீர்ப் பை வைப்பதானால் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள்; சூடு அதிகமானால் நாய் விலகிப் படுக்க இடம் வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது. அதன் நச்சுப்புகை மனிதரையும் நாயையும் சேர்த்தே கொல்லும்.

தெருநாய்கள் ஸ்வெட்டரா போடுகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. அவை உருவத்தில் பெரியவை. ஆண்டு முழுவதும் வெளியில் கிடந்து குளிருக்குப் பழகியவை. கூட்டமாகச் சுருண்டு படுப்பவை. வீட்டுக்குள் வளரும் 4 கிலோ நாய்க்கு இதில் எதுவும் இல்லை. அப்படியானால் இரவும் பகலும் ஸ்வெட்டரிலேயே விட்டுவிடலாமே என்றால், அதுவும் சரியில்லை. அக்குளில் துணி உரசித் தோல் புண்ணாகும். பனியில் நனைந்த ஸ்வெட்டர் வெறும் உடம்பைவிடக் குளிர்ச்சி தரும். வெளியே போகும்போது மாட்டி, திரும்பியதும் கழற்றி, வயிற்றையும் விரலிடுக்குகளையும் துடைத்துவிடுங்கள். கழுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று, கழுத்தடியிலிருந்து வாலடி வரை முதுகு ஆகிய மூன்றையும் அளந்து வாங்குங்கள். போட்டபின் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். வயிற்றுப்பகுதி மூடியிருப்பது முக்கியம். ஆண் நாய்க்கு மட்டும் சிறுநீர் படாதபடி அங்கே சற்றுக் குட்டையாக இருக்கட்டும்.

காலை நடையை வெயில் ஏறிப் புல்லின் ஈரம் உலரும்வரை தள்ளிப்போடுவது எந்த ஸ்வெட்டரையும்விட நல்லது. நடக்கும்போது நாய் ஒவ்வொரு காலாகத் தூக்கினாலோ, முதுகைக் கூனி வாலை ஒடுக்கி நின்றாலோ உடனே திரும்பிவிடுங்கள். நடுக்கம் இருக்கும்வரை உடல் சூட்டை உண்டாக்க முயல்கிறது என்று பொருள். உடம்பு சில்லிட்டிருக்கும்போதே நடுக்கம் நின்று, நாய் தள்ளாடிச் சோர்ந்தால்தான் ஆபத்து. அப்போது கால்களைத் தேய்க்காமல், உலர்ந்த போர்வையில் மார்பையும் வயிற்றையும் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.