மொத்தக் கணக்கு மறைப்பதை ‘பேட்ச்’ கணக்கு காட்டும்

மளிகைக் கடைக்காரர்களின் கடன் நோட்டை செல்பேசிக்குக் கொண்டுவரும் ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். ஜனவரியில் அதைப் பயன்படுத்தியவர்கள் 1,000 பேர். பிப்ரவரியில் 1,900, மார்ச்சில் 2,800, ஏப்ரலில் 3,700. படம் போட்டால் கோடு நேராக மேலே ஏறுகிறது. ஆனால் இந்த நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்கிறது.

அதைப் பார்க்க, ஆட்களைச் சேர்ந்த மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். கல்லூரியில் ‘2010 பேட்ச்’ என்கிறோமே, அதுபோல. ஸ்டார்ட்அப் உலகில் இதைக் கோஹார்ட் என்பார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதுதான் ரிட்டென்ஷன்.

| சேர்ந்த மாதம் | சேர்ந்தவர்கள் | 1 மாதம் கழித்து | 2 மாதம் கழித்து | 3 மாதம் கழித்து |
|---|---|---|---|---|
| ஜனவரி | 1,000 | 400 | 200 | 100 |
| பிப்ரவரி | 1,500 | 600 | 300 | |
| மார்ச் | 2,000 | 800 | | |
| ஏப்ரல் | 2,500 | | | |

ஏப்ரலின் 3,700 பேரில் 2,500 பேர் அந்த மாதம்தான் வந்தவர்கள். ஜனவரி ஆட்களில் மிச்சம் 100 பேர். விளம்பரத்துக்குக் கொட்டிய பணம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். மே மாதம் விளம்பரத்தை நிறுத்தினால், எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும்.

இந்த அட்டவணையை முதலில் குறுக்கே படிக்க வேண்டும். எந்தச் செயலியிலும் முதல் மாதம் பலர் விலகுவார்கள். அது பயப்பட வேண்டிய விஷயமல்ல. சரிவு எங்காவது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. 400, 250, 210, 205 என்று ஓரிடத்தில் தரை தட்டினால், அங்கே நிற்பவர்களுக்கு இந்தப் பொருள் உண்மையிலேயே வேண்டும் என்று அர்த்தம். மாதாமாதம் பாதியாகிக்கொண்டே போனால் தரையே இல்லை.

பிறகு மேலிருந்து கீழே படிக்க வேண்டும். ‘1 மாதம் கழித்து’ என்ற பத்தியில் மூன்று பேட்ச்சும் 40 சதவீதம்தான். இடையில் குழு செய்த திருத்தங்கள், புதுப் பொத்தான்கள் எவையும் பலிக்கவில்லை. அதுவே 40, 46, 53 என்று ஏறியிருந்தால், மொத்த எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் தொடர்ந்து போகலாம்.

ஆனால், கடையை மூடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மே மாதம் ஜனவரி பேட்ச்சில் 80 பேர் மிஞ்சுகிறார்கள், ஜூனிலும் கிட்டத்தட்ட அவ்வளவே என்று வைத்துக்கொள்வோம். அந்த 80 பேர் யார்? பட்டியலை எடுத்துப் பார்த்தால், 70 பேர் வீடுவீடாகப் பால் ஊற்றுபவர்கள். ஜனவரியில் சேர்ந்தவர்களில் அவர்கள் 120 பேர்தான். அதாவது அவர்களில் பாதிக்கு மேல் தங்கிவிட்டார்கள். மற்ற 880 பேரில் நின்றவர்கள் 10 பேர். காரணமும் புரிகிறது. மளிகைக் கடைக்காரருக்குக் கல்லாவில் கிடக்கும் நோட்டே போதும். பால்காரருக்கோ வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் அளவு மாறும். மாதக் கடைசியில் கூட்டிக் கணக்குச் சொல்ல வேண்டும். இங்கே திசை மாற்றுவது என்றால் செயலியைத் தூக்கிப் போடுவதல்ல, மளிகையை விட்டுப் பாலுக்குப் போவது.

நிஜ வாழ்வில் இந்த முடிவு இன்னும் வலிக்கும். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு 2011-இல் ‘கிளிட்ச்’ என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. அதை உயிராக நேசித்த ஒரு சிறு கூட்டம் இருந்தது. ஆனால் புதிதாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கவில்லை. அந்தச் சிறு கூட்டத்தை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியாது. 2012 இறுதியில், கையில் இன்னும் பணம் இருக்கும்போதே, விளையாட்டை மூடினார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் உருவாக்கி வைத்திருந்த கருவியே பிறகு ‘ஸ்லாக்’ ஆனது. தரை இருந்தால் மட்டும் போதாது, அதன்மேல் கட்டடம் நிற்குமளவு அகலமும் வேண்டும்.

அட்டவணை ஏமாற்றும் இடங்களும் உண்டு. செயலியைத் திறந்தவரை எல்லாம் ‘தங்கியவர்’ என்று எண்ணினால் பொய்க் கணக்காகும். கடன் வரவு ஒன்றையாவது பதிந்தவரைத்தான் எண்ண வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வேலையுள்ள வருமான வரிச் செயலியை மாதக் கணக்கில் அளந்தால் எல்லோரும் ஓடிப்போனதாகத்தான் தெரியும். பேட்ச்சில் 20 பேரே இருந்தால், 25 சதவீதம் 35 ஆனது இரண்டு பேர் கூடியதால்தான். அதை முன்னேற்றம் என்று கொண்டாட முடியாது.

கடைசியாக, கையிருப்பு. தரை தட்டுகிறதா என்று தெரிய ஒரு பேட்ச்சுக்கு மூன்று மாதம் ஆகிறது, சம்பளம் கொடுக்க ஒன்பது மாதப் பணம் இருக்கிறது என்றால், அந்தக் குழுவிடம் மீதமிருப்பவை மூன்றே முயற்சிகள். அதில் ஒன்றை மளிகைக் கடைக்கே மறுபடி செலவிடலாமா என்பதுதான் அவர்கள் முன்னால் உள்ள கேள்வி.