மாதவிடாய் நிறைவுக்கு முந்தைய இடைநிலைக் காலத்தில் மனநிலை மாற்றங்கள்: ஹார்மோன் ஏற்றத்தாழ்வின் பங்கும் மருத்துவ உதவி நாட வேண்டிய தருணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பெண்கள் பலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, காரணம் புலப்படாத எரிச்சல் ஆகியன தோன்றுகின்றன. இவை ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மட்டும் ஏற்படுகின்றன என்பது பரவலான கருத்து. ஹார்மோன் அளவு குறைவதைவிட அது ஒழுங்கின்றி ஏறி இறங்குவதும், அவ்வேற்றத்தாழ்வுக்குச் சிலரது மூளை கூடுதலாக எதிர்வினை புரிவதுமே அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒற்றை இரத்தப் பரிசோதனை இந்நிலையை உறுதிசெய்யப் போதாது என்பதையும், நாட்குறிப்பின் பயனையும், மருத்துவ உதவி நாட வேண்டிய எல்லைகளையும் ஓர் எடுத்துக்காட்டின் வழி எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: மாதவிடாய் நிறைவு, இடைநிலைக் காலம், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், மனச்சோர்வு, பதற்றம், எரிச்சல்.

முன்னுரை

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அதனை மாதவிடாய் நிறைவு என மருத்துவம் வரையறுக்கிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதளவில் நிகழ்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளே 'பெரிமெனோபாஸ்' எனப்படும் இடைநிலைக் காலம். ஆகவே, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே ஒரு பெண் இக்காலத்திற்குள் நுழைந்துவிடக்கூடும். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால், தம் மனநிலை மாற்றத்திற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என அவரோ குடும்பத்தினரோ எண்ணுவதில்லை. 'குணம் மாறிவிட்டது' என்ற பழிச்சொல் எழுவது இந்த இடைவெளியில்தான்.

இடைநிலைக் காலம் தொடங்கியதை அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரு சுழற்சிகளின் நீளம் ஏழு நாள்களோ அதற்கு மேலோ வேறுபடுவது மீண்டும் மீண்டும் நிகழுமாயின், அது முற்பகுதி. அறுபது நாள்களோ அதற்கு மேலோ மாதவிடாய் வராத இடைவெளி ஏற்படுமாயின், அது பிற்பகுதி.

ஹார்மோன்களில் நிகழ்வது என்ன?

சினைப்பையில் உள்ள நுண்பைகளின் எண்ணிக்கை வயதோடு குறைகிறது. மீதமுள்ள நுண்பைகளைத் தூண்டுவதற்காக மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. இத்தூண்டலுக்குச் சினைப்பை ஒரு மாதம் மிகையாக மறுமொழி தருகிறது. மறு மாதம் மறுமொழியே தருவதில்லை. எனவே ஈஸ்ட்ரோஜன் சீராகச் சரிவதில்லை. சில வாரங்களில் இளவயதில் இருந்ததைவிடவும் உயர்ந்து, பின்னர் திடீரெனச் சரிகிறது.

புரோஜெஸ்ட்டிரோனின் நிலை வேறு. சினைமுட்டை வெளியேறிய பின்னரே அது போதிய அளவில் சுரக்கும். முட்டை வெளியேறாத சுழற்சிகள் இக்காலத்தில் மிகுவதால், சில மாதங்களில் அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது.

இவ்விரண்டும் கருப்பையில் மட்டும் செயல்படுவன அல்ல. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் உருவாக்கத்திலும் அதன் செயற்பாட்டிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. புரோஜெஸ்ட்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்னும் பொருள், மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் 'காபா' ஏற்பிகளின் மீது செயல்படுகிறது. இதன் அளவு ஒழுங்கின்றி மாறும்போது, அம்மாற்றத்திற்கு ஈடுகொடுக்க இயலாதவர்களிடம் பதற்றமும் எரிச்சலும் தோன்றுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஒரே மாற்றம், வேறுபட்ட விளைவு

எல்லாப் பெண்களும் இம்மாற்றத்தைக் கடக்கின்றனர். ஆனால் எல்லாருக்கும் மனச்சோர்வு வருவதில்லை. இதற்கான விடையை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்குகிறது. மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்ட பெண்கள் இரு பிரிவினராக அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் இடைநிலைக் காலத்தில் மனச்சோர்வுற்றுப் பின்னர் நலமடைந்தவர்கள். மற்றவர்கள் அத்தகைய சோர்வை அறியாதவர்கள். அனைவருக்கும் மூன்று வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் ஒட்டு வழங்கப்பட்டது. பின்னர், அவர்கள் அறியாவண்ணம், ஒரு பகுதியினருக்கு மருந்தற்ற போலி ஒட்டு தரப்பட்டது.

முன்னர் மனச்சோர்வுற்றவர்களுள் போலி ஒட்டு பெற்றோருக்குச் சோர்வின் அறிகுறிகள் மீண்டும் தலைதூக்கின. ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்து பெற்றவர்களுக்கு அவ்வாறு நிகழவில்லை. சோர்வை அறியாத பிரிவினருக்கோ, அதே ஹார்மோன் சரிவு நிகழ்ந்தும் மனநிலை மாறவில்லை. சரிவு பொதுவானது, அதற்கான எதிர்வினையே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது இதன் பொருள். மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்றவர்கள், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கடும் மனநிலை மாற்றம் அடைந்தவர்கள், முன்னரே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் இக்காலத்தில் கூடுதல் கவனத்திற்குரியவர்கள்.

மற்றொரு வழியும் உண்டு. உடலில் திடீரெனச் சூடு பரவி வியர்க்கும் நிலை இரவில் பலமுறை ஏற்பட்டால் உறக்கம் கலைகிறது. உறக்கமின்மை மறுநாளின் எரிச்சலாகவும், நாளடைவில் மனச்சோர்வாகவும் மாறக்கூடும். எனினும் வியர்வையே இல்லாதவர்களுக்கும் மனச்சோர்வு வருவதால், இதை மட்டுமே காரணமாகக் கொள்ள இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு. 46 வயதுடைய பள்ளி ஆசிரியை ஒருவர், மாதவிடாய் தொடர்கிறது. நான்கு மாதங்களாக வகுப்பறையில் சிறு சத்தத்திற்கும் சீறுகிறார். பின்னர் அதை எண்ணி அழுகிறார். அதிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறார். ஆய்வகத்தில் எஃப்.எஸ்.எச். அளவு 8 என வந்தது. 'இயல்பாக உள்ளது, மாதவிடாய் நிற்கும் காலம் அன்று' எனக் கூறி அனுப்பப்பட்டார். ஆறு வாரங்கள் கழித்து அதே பரிசோதனை 34 எனக் காட்டியது.

இரு முடிவுகளும் பிழையானவை அல்ல. ஏறி இறங்கும் ஒன்றை ஒரு நாளில் அளந்தால் அந்நாளின் அளவு மட்டுமே கிடைக்கும். இதனால்தான் 45 வயதைக் கடந்த பெண்களுக்கு அறிகுறிகளையும் சுழற்சி மாற்றத்தையும் கொண்டே இக்காலத்தை அறிய வேண்டும் என்றும், அதற்காக எஃப்.எஸ்.எச். பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்றும் இங்கிலாந்தின் 'நைஸ்' வழிகாட்டுதல் கூறுகிறது.

மருத்துவரின் அறிவுரைப்படி அவர் மூன்று சுழற்சிகளுக்கு நாட்குறிப்பு எழுதினார். இரத்தப்போக்கு, இரவு வியர்வை, உறங்கிய நேரம் ஆகியவற்றோடு எரிச்சல், பதற்றம், சோர்வு ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண்ணையும் குறித்தார். சுழற்சிகளின் நீளம் 23, 41, 26 நாள்கள். எரிச்சல் ஏழுக்கு மேற்பட்ட நாள்கள் பதினான்கு. அவற்றுள் ஒன்பது, வியர்வையால் உறக்கம் கெட்ட இரவுகளுக்கு மறுநாள்கள். ஏனைய ஐந்து, மாதவிடாய்க்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அமைந்தவை. ஒற்றைப் பரிசோதனை காட்டாத ஒழுங்கை நாட்குறிப்பு காட்டியது.

மருத்துவர் அத்துடன் நிறுத்தவில்லை. தைராய்டு குறைபாடு சோர்வாகவும், அதன் மிகை பதற்றமாகவும் படபடப்பாகவும் தோன்றும் என்பதால் அதற்கான பரிசோதனை செய்யப்பட்டது, முடிவு இயல்பு. அண்மைக்கால மாதவிடாயில் போக்கு மிகுந்திருந்ததால் ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டது, அது 9.4 கிராம். இரத்தசோகையும் களைப்பையும் படபடப்பையும் தரவல்லது. மிகைப்போக்கின் காரணத்தை அறிய கருப்பை ஸ்கேன் எடுக்கப்பட்டது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியலில் 12 மதிப்பெண் வந்தது. பத்தோ அதற்கு மேலோ வந்தால் முறையான மதிப்பீடு தேவை. இரண்டாவது மகப்பேற்றுக்குப் பின் ஆறு மாதங்கள் மனச்சோர்வில் இருந்ததையும் அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கூறினார்.

சிகிச்சைத் தெரிவுகள்

மேற்கண்டவருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் உளவியல் ஆலோசனையும் முதலில் தொடங்கப்பட்டன. ஆறு வாரங்களில் களைப்பு குறைந்தும் மனச்சோர்வு நீடித்ததால், மனநல மருத்துவர் மனச்சோர்வு நீக்கி மருந்தைச் சேர்த்தார். உறுதிசெய்யப்பட்ட மனச்சோர்வு நோய்க்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இம்மருந்துகளுமே இக்காலத்திலும் முதன்மைச் சிகிச்சைகள். இம்மருந்துகளுள் சில உடற்சூட்டையும் தணிப்பது கூடுதல் பயன். இவை உரிய பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருந்து தொடங்குமுன், உறக்கமே இன்றியும் களைப்பறியாத மிகை உற்சாக நாள்கள் முன்னர் இருந்தனவா எனக் கேட்பது இன்றியமையாதது. அத்தகையோருக்கு மனச்சோர்வு நீக்கியை மட்டும் தருவது நிலையைத் திசைமாற்றக்கூடும்.

ஹார்மோன் சிகிச்சை, உடற்சூடும் இரவு வியர்வையும் கடுமையாக உள்ளவர்களுக்குச் சிறந்த பயன் தருகிறது. இடைநிலைக் காலத்து மனச்சோர்விலும் ஈஸ்ட்ரோஜன் ஒட்டு உதவுவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் மனச்சோர்வுக்கெனத் தனியே அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்று அது. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பை உட்சுவர் மிகையாக வளரும் என்பதால் புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தையும் சேர்க்க வேண்டும். சிலருக்கு அதுவே மனநிலையைக் கெடுப்பதும் உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், இரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இச்சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை.

மருத்துவ உதவி நாட வேண்டிய தருணங்கள்

மோசமான ஒரு நாள் நோயன்று. பெரும்பாலான நாள்களில் சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்கள் நீடித்தாலும், பதற்றமும் எரிச்சலும் பணியையோ குடும்ப உறவையோ குலைத்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். முன்னர் மனச்சோர்வுற்றவர்கள் இவ்வளவு காத்திருக்காமல், சுழற்சி மாறத் தொடங்கும்போதே மருத்துவரிடம் தம் வரலாற்றைக் கூறுவது நலம். மணிக்கொரு நாப்கின் நனையும் அளவு போக்கு இருந்தாலும், பன்னிரண்டு மாத இடைவெளிக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டாலும் மகளிர் நல மருத்துவரின் பரிசோதனை கட்டாயம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றோடு வரும் படபடப்பைப் பதற்றம் என ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாழ வேண்டாம் என்ற எண்ணமோ, தம்மையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ தோன்றினால் அன்றே உதவி பெற வேண்டும். இந்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் பேசலாம். அத்தகைய எண்ணம் உள்ளவரைத் தனியே விடாமல் உடனிருந்து அழைத்துச் செல்வது குடும்பத்தினரின் கடமை.

முடிவுரை

இடைநிலைக் காலத்து மனநிலை மாற்றங்கள் ஹார்மோனின் ஏற்றத்தாழ்வுக்கும், அதற்கு ஒருவரது மூளை காட்டும் எதிர்வினைக்கும் இடையே தோன்றுகின்றன. உறக்கக்கேடு அவற்றைப் பெருக்குகிறது. எனவே, 'ஹார்மோன் இயல்பாக உள்ளது' என்னும் அறிக்கை ஒரு பெண்ணின் துன்பத்தைப் பொய்யாக்குவதில்லை. 'இது இந்த வயதின் இயல்பு' என்னும் சொல் அவருக்குரிய சிகிச்சையைத் தள்ளிவைக்கக் காரணமாவதும் இல்லை. மேற்கண்ட ஆசிரியையின் நிலையில் ஹார்மோன் மாற்றம், உறக்கமின்மை, இரத்தசோகை, பழைய மனச்சோர்வு ஆகிய நான்கும் ஒருங்கே இருந்தன. மூன்று சுழற்சிகளின் நாட்குறிப்பும் முழுமையான மருத்துவ விசாரணையும் சேர்ந்தே அவற்றைப் பிரித்துக் காட்டின.