எமோஜி எங்கே, வெற்று வரி எங்கே?

பல் மருத்துவமனை ஒன்று இலவசப் பரிசோதனை முகாமை இன்ஸ்டாகிராமில் அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் கீழே முதல் ஓரிரு வரிகள்தான் உடனே தெரியும். மீதியைப் படிக்க ‘more’ என்பதைத் தொட வேண்டும். ஆகவே முதல் வரியில் எமோஜி வேண்டாம், செய்தியே வரட்டும்.

ஞாயிறன்று இலவசப் பல் பரிசோதனை. முன்பதிவு அவசியம்.

🕘 காலை 9 முதல் பகல் 1 மணி வரை
📍 பேருந்து நிலையம் எதிரில்

இங்கே எமோஜி வரியின் தொடக்கத்தில் நின்று, நேரம் எது, இடம் எது என்று கண்ணுக்குக் காட்டுகிறது. 😁🦷🎉 என்று வாக்கியத்தின் நடுவே சிதறினால் வாசிப்பு தடைபடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எமோஜியின் பெயரையும் உரக்கச் சொல்லும் என்பதால், வரிசையாக அடுக்கினால் செய்தி அதில் புதைந்துவிடும்.

வெற்று வரியைப் பேச்சு மாறும் இடத்தில் மட்டும் விடுங்கள். வாக்கியத்துக்கு ஒன்று விட்டால் எது எதோடு சேர்ந்தது என்று தெரியாது.

பதிவிடும் முன் எமோஜிகளை நீக்கிப் படித்துப் பாருங்கள். பொருள் குறைந்தால், சொல் இருக்க வேண்டிய இடத்தில் எமோஜி உட்கார்ந்திருக்கிறது.